சூத்திரத்துக்கு முன்னால் சாய்வு: போல்ட்டின் 9.58 நொடியை வைத்து ஒரு பாடம்

பிளஸ் ஒன் மாணவர்களிடம் சாய்வு என்றால் என்னவென்று கேளுங்கள். பத்தாம் வகுப்பில் படித்த (y₂ − y₁)/(x₂ − x₁) உடனே வந்துவிடும். அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதனால் வகையிடலைத் தொடங்கும் முன் ஒரு பாடவேளை சூத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஓர் ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிய ஓட்டம் அது.

படி 1: புள்ளிகளை வைப்பது

பலகையில் இதை மட்டும் எழுதுங்கள்.

```
தூரம் (மீ):    0    20     40     60     80     100
நேரம் (நொடி):  0   2.89   4.64   6.31   7.92   9.58
```

வரைபடத்தாளில் கிடை அச்சில் நேரம், 1 செ.மீ. = 1 நொடி. நிலைக்குத்து அச்சில் தூரம், 1 செ.மீ. = 10 மீட்டர். புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்கோடுகளால் இணைக்கச் சொல்லுங்கள். வளைகோடு இப்போது வேண்டாம், அது கடைசியில் வரும்.

படி 2: எங்கே வேகம் அதிகம்?

கணக்குப் போடாமல், கோட்டைப் பார்த்தே சொல்ல வேண்டும். பலர் கடைசித் துண்டைக் காட்டுவார்கள். ஏன் என்றால், “அங்கேதானே சார் கோடு உச்சியில இருக்கு” என்பார்கள். உயரத்தையும் சாய்வையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்தப் பாடத்தின் பெரிய சிக்கல். உயரம் காட்டுவது எவ்வளவு தூரம் வந்தார் என்பதை மட்டுமே.

இதை வாயால் விளக்குவதைவிட ஓர் அட்டை நன்றாக விளக்கும். பழைய நோட்டு அட்டையில் 2 செ.மீ. சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டி, வரைபடத்தின் மேல் நேராக நகர்த்தச் சொல்லுங்கள். ஜன்னலுக்குள் அச்சும் தெரியாது, உயரமும் தெரியாது. கோட்டின் சரிவு மட்டும்தான் தெரியும். முதல் 20 மீட்டரில் படுத்துக் கிடந்த கோடு அடுத்த துண்டில் நிமிர்வதை அவர்களே சொல்வார்கள்.

சரி, 60–80, 80–100 இரண்டில் எது செங்குத்து? ஜன்னலை எப்படி நகர்த்தினாலும் முடிவுக்கு வர முடியாது. வித்தியாசம் ஒரு பாகைதான் இருக்கும். வகுப்பு இரண்டாகப் பிரியும், பிரியட்டும். கண்ணால் முடியாது, ஓர் எண் வேண்டும் என்ற தேவை இங்கே அவர்களுக்கே வர வேண்டும்.

படி 3: ஒரு நொடிக்கு எவ்வளவு?

ஒவ்வொரு துண்டுக்கும் கீழே கிடையாக ஒரு கோடு, பக்கத்தில் நிலைக்குத்தாக ஒரு கோடு போட்டு முக்கோணமாக்கச் சொல்லுங்கள். 60–80 துண்டில் கிடைக்கோடு 1.61 நொடி, நிலைக்கோடு 20 மீட்டர். “1.61 நொடியில் 20 மீட்டர் என்றால், 1 நொடிக்கு எவ்வளவு?” இவ்வளவுதான் கேள்வி. வகுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 12.42 மீட்டர் வரும். கடைசி 20 மீட்டருக்கு எடுத்துக்கொண்டது 1.66 நொடி, அதாவது நொடிக்கு 12.05 மீட்டர். உலகச் சாதனை ஓட்டத்திலும் கடைசியில் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது! முதல் துண்டில் 6.92தான். இந்த எண்ணுக்குத்தான் சாய்வு என்று பெயர் என்பதை இப்போது சொல்லுங்கள். நேரம் மாறும்போது தூரம் என்ன வீதத்தில் மாறுகிறது என்பதே அது.

இங்கே சிலர் கட்டங்களை எண்ணி 2-ஐ 1.61-ஆல் வகுத்து 1.24 என்பார்கள். தவறு என்று சொல்லிவிடாமல், அதே ஓட்டத்தை 1 செ.மீ. = 20 மீட்டர் என்று மாற்றி வரையச் சொல்லுங்கள். கோடு முழுவதும் படுத்துவிடும், கட்டக்கணக்கு 0.62 ஆகிவிடும். ஆனால் போல்ட் மெதுவாக ஓடவில்லையே. அச்சில் எழுதிய மீட்டரையும் நொடியையும் படித்தால் மறுபடியும் 12.42தான். அலகை விட்டுவிட்டால் சாய்வுக்குப் பொருளில்லை என்பது இங்கே பதிந்துவிடும். அதனால் “சாய்வு 12.42” என்று விட்டுவிடாமல் “நொடிக்கு 12.42 மீட்டர்” என்றே எழுத வைக்கிறேன்.

படி 4: மூலையைக் கவனிப்பது

2.89 நொடியில் கோடு சட்டென்று உடைகிறது. அந்தக் கணத்தில் வேகம் 6.92-இலிருந்து 11.43-க்குத் தாவியதாக நம் வரைபடம் சொல்கிறது. மனிதரால் அப்படி ஓட முடியுமா என்று கேளுங்கள். தொடக்கமும் இடிக்கும்: துப்பாக்கி வெடித்தபோது போல்ட் அசையாமல்தான் இருந்தார், நம் கோடோ முதல் கணத்திலேயே 6.92 என்கிறது. அப்போது 6.92 என்பது அந்தத் துண்டு முழுவதற்குமான சராசரிதான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

அப்புறம் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, எல்லாப் புள்ளிகள் வழியாகவும் மூலையே இல்லாமல் கையால் வளைகோடு வரையட்டும். தொடக்கத்தில் தரையோடு ஒட்டி, மெல்ல நிமிர வேண்டும். சரியாக 2-ஆவது நொடியில் வேகம் என்ன என்று கேளுங்கள். முக்கோணம் போட நேர்கோடு இருக்காது. கொஞ்ச நேரத்தில் யாராவது ஸ்கேலை எடுத்து, அந்தப் புள்ளியில் வளைகோட்டைத் தொட்டுக்கொண்டு போகும்படி சாய்த்து வைத்துப் பார்ப்பார். அடுத்த வகுப்பைத் தொடுகோட்டிலிருந்து தொடங்கலாம்.