ஜிமெயிலில் பெரிய அஞ்சல்களை முதலில் நீக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிமெயில் தரும் 15 ஜிபி இடம் டிரைவுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதால், அது நிரம்பும்போது எடை மிகுந்த அஞ்சல்களை முதலில் நீக்குவது சரியான வழியே. ஆனால் இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சறுக்குவதைப் பார்த்துச் சலித்ததால் இதை எழுதுகிறேன்.

தேடல் முடிவை வரிசைப் பட்டியல் என்று நம்புவது

தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் அளவு என்ற பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால், அஞ்சல்கள் அளவுப்படி அடுக்கப்பட்டுவிடும். ஜிமெயிலின் அஞ்சல் பட்டியலில் அப்படியொரு பத்தி இல்லை. `larger:10M` என்று தேடினால் 10 எம்பிக்கு மேற்பட்டவை வருமே தவிர, அவை அளவுப்படி அடுக்கப்பட்டிருக்கமாட்டா. ஆகவே முதல் வரியில் இருப்பதுதான் மிகப் பெரியது என்று கருதக்கூடாது. மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கித் தேடினால் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கும்:

```
larger:20M
larger:15M smaller:20M
larger:10M smaller:15M
```

இங்கே கணக்கிடப்படுவது அனுப்பும்போது குறியாக்கம் செய்யப்பட்ட அஞ்சலின் அளவு. கணினியில் 12 எம்பியாக இருக்கும் கோப்பு, அஞ்சலில் ஏறத்தாழ 16 எம்பி ஆகிவிடும்.

ஒரு வரி என்பது ஓர் அஞ்சல் என்று எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஜிமெயில், இயல்பான அமைப்பில், ஓர் அஞ்சலையும் அதற்கு வந்த பதில்களையும் ஒரே வரியில் தொகுத்துக் காட்டுகிறது. அந்தத் தொகுப்பில் ஒரே ஓர் அஞ்சல் 10 எம்பியைத் தாண்டியிருந்தாலும், முழு வரியும் தேடலில் வந்து நிற்கும். அதன் பெட்டியில் குறியிட்டு நீக்கினால், பெரியவற்றோடு சிறியவையும் சேர்ந்தே போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் நடந்தது இது. ஓர் அழைப்பிதழ் வேலை தொடர்பான தொகுப்பில் ஒன்பது அஞ்சல்கள் இருந்தன. அவற்றில் மூன்று, வடிவமைப்புக் கோப்பைச் சுமந்த பெரிய அஞ்சல்கள். மற்ற ஆறும் வாடிக்கையாளர் எழுதிய சில வரிப் பதில்கள்; "எண் சரி, 500 பிரதி அடித்துவிடுங்கள்" என்ற ஒப்புதலும் அவற்றுள் ஒன்று. வேலையில் புதிதாகச் சேர்ந்த பெண் அந்த வரியை நீக்கினார்; அஞ்சல்கள் பிடித்திருந்த இடம் குறையவில்லையே என்று குப்பைத் தொட்டியையும் உடனே காலி செய்தார். பிறகு வாடிக்கையாளர், தாம் கேட்டது 300 பிரதிதான் என்று வாதிட்டபோது காட்டுவதற்கு எதுவும் இல்லை. அவருடைய அஞ்சல் பெட்டியில் ஒரு நகல் இருந்திருக்கும். அதை அவரிடமே கேட்டு வாங்க முடியுமா என்ன? பெரிய கோப்புகள் மூன்றும் அச்சகக் கணினியில் பத்திரமாக இருந்தன. அச்சகத்தில் வேறு நகல் இல்லாத அந்தச் சில வரிகள்தான் போயின.

வரியில் பெயருக்குப் பக்கத்தில் 9 என்பதுபோல ஓர் எண் நின்றால், அது தொகுப்பு என்று பொருள். அதைத் திறந்து, இணைப்புள்ள அஞ்சலின் மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள `Delete this message` என்பதைப் பயன்படுத்தினால் அந்த அஞ்சல் மட்டும் நீங்கும். பல அஞ்சல்களை நீக்க வேண்டியிருந்தால், அமைப்புகளின் `General` பக்கத்தில் `Conversation view off` என்பதைத் தேர்ந்து, பக்கத்தின் அடியில் உள்ள `Save Changes` பொத்தானை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அப்போது ஒவ்வோர் அஞ்சலும் தனி வரியாக வரும். சிறிய பதில்கள் தேடலிலேயே தோன்றமாட்டா. வேலை முடிந்தபின் பழைய அமைப்புக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு அஞ்சலின் உரையை வைத்துக்கொள்ளும் வசதி ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் இல்லை. எனவே பெரிய அஞ்சலிலேயே முக்கியமான உரை இருந்தால், முதலில் அதை அச்சிட்டோ பிடிஎஃப் கோப்பாகவோ சேமித்துக்கொள்ள வேண்டும்.

முடிவுகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுப்பது

செய்யாதீர்கள்.

குப்பைத் தொட்டியை உடனே காலி செய்வது

நீக்கிய அஞ்சல்கள் 30 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும். அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் அளவு குறையவில்லையே என்று பதறுவது இயல்புதான். புதிய அஞ்சல் வருவது நின்றுபோகும் நிலை இல்லையென்றால், சில நாள் பொறுத்து, `in:trash larger:10M` என்று தேடிப் பார்த்தபின் அவற்றை மட்டும் நிரந்தரமாக நீக்குவது நல்லது.

டிரைவ் சுட்டி உள்ள அஞ்சலை நீக்குவது

இடம் மிஞ்சாது, கோப்பு இருப்பது டிரைவில்.

எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தொடர்வது

20 எம்பி அஞ்சல்கள் ஐம்பதை நீக்கினால் ஏறத்தாழ 1 ஜிபி கிடைக்கும். அதே இடத்தை 100 கேபி அஞ்சல்களிலிருந்து பெறப் பத்தாயிரம் அஞ்சல்களை நீக்க வேண்டும். `larger:5M` வரை வந்தும் இடம் போதவில்லை என்றால், இடத்தை அடைத்திருப்பது பெரும்பாலும் அஞ்சலாக இருக்காது. டிரைவையும் புகைப்படங்களையும் பாருங்கள்.