மைலேஜ் கணக்கு: எந்த லிட்டரால் வகுப்பது?

இரண்டு பெட்ரோல் பில், இரண்டு ஓடோமீட்டர் ரீடிங். மைலேஜ் பார்க்க இவ்வளவு போதும். கழித்தலில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. எந்த பில்லின் லிட்டரால் வகுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டேங்கை ஃபுல் செய்தபோது ரீடிங் 24,310, பிடித்தது 28 லிட்டர். மறுபடி ஃபுல் செய்தபோது ரீடிங் 24,790, பிடித்தது 32 லிட்டர். இடையில் ஓடியது 480 கிலோமீட்டர்.

சிலர் 480-ஐ 28-ஆல் வகுத்து 17.1 என்பார்கள். "அந்த 28 லிட்டரைப் போட்டுத்தானே ஓட்டினேன்" என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த 28 லிட்டர் 24,310-க்கு முன்பு ஓடியதில் காலியான இடத்தை நிரப்பியது. இந்த 480 கிலோமீட்டர் எவ்வளவு குடித்தது என்பதைச் சொல்வது இரண்டாவது பில்தான். ஃபுல்லாக இருந்த டேங்க் மீண்டும் ஃபுல்லாக 32 லிட்டர் தேவைப்பட்டது என்றால், செலவானதும் அதே 32. ஆக, லிட்டருக்கு 15 கிலோமீட்டர். இரண்டு பில்லையும் கூட்டி 60-ஆல் வகுத்தால் 8 வரும். நல்ல வண்டியைச் சந்தேகப்பட வைக்கும் கணக்கு அது.

வழியில் 10 லிட்டர் மட்டும் போட்டிருந்தால்? கடைசியில் ஃபுல் செய்யும்போது 22 லிட்டர்தான் பிடிக்கும். அதை மட்டும் எடுத்தால் 21.8 என்று காட்டும். அந்த 10-ஐயும் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் இரண்டு முறையும் டேங்க் ஒரே மட்டத்துக்கு நிரம்பினால்தான் சரிவரும். வண்டி சாய்வாக நின்றாலோ, நாசில் சீக்கிரமே கட் ஆனாலோ மட்டம் மாறிவிடும். மேலே சொன்ன காரில் இரண்டாவது முறை 2 லிட்டர் குறைவாக நிரம்பியிருந்தால் பில்லில் 30 இருக்கும், மைலேஜ் 16 ஆகிவிடும். விடுபட்ட 2 லிட்டர் அடுத்த பில்லில் வந்து ஏறும். அதே 480 கிலோமீட்டருக்கு 34 லிட்டர் பிடித்து 14.1 என்று இறங்கும். ஒருமுறை ஏறி மறுமுறை இறங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினை அல்ல.

முடிந்தவரை ஒரே பம்பில், சமதளத்தில், நாசில் முதல்முறை கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள். ஒரு ஃபுல் டேங்க் கணக்கை நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் பில்லை விட்டுவிட்டு, அடுத்த ஐந்து பில்களைக் கூட்டுவேன். 2,400 கிலோமீட்டருக்கு 160 லிட்டர் என்றால் 15. அதில் 2 லிட்டர் பிசகி 162 ஆனாலும் 14.8-க்குக் கீழே போகாது.