திருகாணிகளை எடை போட்டு எண்ணும்போது

மூட்டையில் எத்தனை திருகாணி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ண யாருக்குப் பொறுமை இருக்கிறது? பத்தை எடை போட்டு, அதைக் கொண்டு மொத்த எடையை வகுத்துவிடுகிறோம். தவறு அந்தப் பத்தில்தான்.

எங்கள் கடைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. பத்துத் திருகாணிக்கு 21 கிராம் காட்டியது. உண்மையான எடை 20.5 முதல் 21.5 வரை எதுவாகவும் இருக்கலாம். மூட்டையில் 4,300 கிராம். கணக்குப்படி 2,048 திருகாணிகள். ஆனால் 2,000 ஆகவும் இருக்கலாம், 2,098 ஆகவும் இருக்கலாம். நூறு எண்ணி வைத்தபோது 214 கிராம் வந்தது. இப்போது விடை 2,009. தராசு தரும் பிழை இருபுறமும் ஐந்துக்குள் அடங்கிவிட்டது. அதே அரைக் கிராம் பிழைதான், நூறு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள்.

திருகாணிக்குத் திருகாணி உள்ள சிறு எடை வேறுபாடும் நூறில் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஈடாகாதது, வேறு தொகுதிச் சரக்கு கலந்திருப்பது. மேலாக அள்ளாமல், மூட்டையின் அடியிலிருந்து இன்னொரு நூறை எண்ணிப் போடுங்கள். 214-க்குப் பக்கத்தில் வராமல் 219 என்று காட்டினால் கலப்புதான். பிரித்துத்தான் எடை போட வேண்டும்.

சாக்கின் எடையைக் கழித்தீர்களா? 60 கிராம் சாக்கை மறந்தால் 28 திருகாணி கூடுதலாக வரும். நான் மறந்திருக்கிறேன்.