ஒரு குறளைப் பிரித்துப் பார்ப்போம்: அற வாதத்தைச் சோதிக்கும் முறை

"நானா கொன்றேன்? கடையில் இருந்தது, வாங்கினேன்." இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்கிற குறள் ஒன்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் இருக்கிறது, 256ஆம் குறள்:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்

இரண்டே அடியில் இருப்பது ஒரு முழு வாதம். ஆனால் அதன் பாதி சொல்லப்படாமல் உள்ளே நிற்கிறது. அதை வெளியே எடுத்து எழுதி, நிற்கிறதா என்று சோதிப்போம். இந்தக் குறளில் ஒருமுறை செய்து பழகிவிட்டால், மேடைப் பேச்சு, தலையங்கம் எதிலும் இதே வழியில் போகலாம்.

முதலில் முடிவைக் கண்டுபிடியுங்கள்

வாதத்தைப் பிரிக்கும்போது மேலிருந்து கீழே போகாதீர்கள். "இவர் கடைசியில் என்னை எதை ஒத்துக்கொள்ளச் சொல்கிறார்?" என்று கேளுங்கள். அதுதான் முடிவு. அதைத் தாங்க வரும் ஒவ்வொரு கூற்றும் எடுகூற்று.

குறளில் முடிவு எழுதப்படவே இல்லை. "தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால், விலைக்கு ஊன் விற்பவர் இருக்கமாட்டார்" என்பது வெறும் எடுகூற்று. ('கொள்ளாது' என்ற பாடமும் உண்டு. வாங்குபவரை நேராகச் சுட்டுவதால் இங்கே அதை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வாசிப்பு இருந்தால் வாதத்துக்கு வலு சேர்ப்பதையே எடுக்க வேண்டும்.) இதை வைத்து வள்ளுவர் நம்மை எங்கே கொண்டுபோகிறார்? வாங்கித் தின்பவருக்கும் கொலைப் பழியில் பங்குண்டு என்ற இடத்துக்கு.

இதைத் தாண்டி "ஆகவே யாரும் ஊன் தின்னக்கூடாது" என்று எழுதிவிடாதீர்கள். அதிகாரம் முழுவதும் அதைத்தான் சொல்கிறது, ஆனால் இந்த ஒரு குறளின் வேலை அதைவிடச் சிறியது. முடிவைப் பெரிதாக்கிவிட்டு வாதம் பலவீனமானது என்று சொல்வது நியாயமில்லை.

இருப்பதை மட்டும் எழுதிப் பாருங்கள்

1. உலகத்தார் தின்பதற்காக ஊன் வாங்காவிட்டால், விற்பதற்காகக் கொல்பவர் இருக்கமாட்டார்.
முடிவு: ஊன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கொலைப் பழியில் பங்குண்டு.

இது செல்லுபடியாகுமா? எடுகூற்றுகள் உண்மை என்றே வைத்துக்கொண்டு, முடிவு மட்டும் பொய்யாக இருக்கும் ஒரு நிலைமையைக் கற்பனை செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் வாதம் செல்லாது. எளிய வழி, அதே வடிவத்தில் வேறு பொருளை வைப்பது. "யாரும் அரிசி வாங்காவிட்டால் வயலில் வேலை செய்யும்போது பாம்பு கடித்து விவசாயி சாகமாட்டார். ஆகவே அரிசி வாங்கும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சாவின் பழியில் பங்குண்டு." முதல் வாக்கியத்தை ஒத்துக்கொள்ளலாம், இரண்டாவதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே வடிவம் ஓட்டை.

ஓட்டை எங்கே என்று பாருங்கள். முடிவில் 'பழி' என்ற சொல் வருகிறது, எடுகூற்றில் அது இல்லை. எடுகூற்று உலகத்தாரை மொத்தமாகப் பேசுகிறது, முடிவோ ஒவ்வொருவரையும் பிடிக்கிறது. இந்த இரண்டு ஓட்டைகளில் முதலாவது, அற வாதங்களில் திரும்பத் திரும்ப வருவது. 'இருக்கிறது' என்று மட்டும் பேசும் கூற்றுகளிலிருந்து 'வேண்டும்' என்ற முடிவுக்கு நழுவிவிடுகிறார்கள் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் சுட்டிக்காட்டினார்.

சொல்லாமல் விட்டதை நிரப்புங்கள்

2. விற்பதற்காக உயிரைக் கொல்வது தீமை.
3. பலர் சேர்ந்து ஒன்றைச் செய்யாவிட்டால் ஒரு தீமை நடக்காது என்றால், தெரிந்தே அதைச் செய்யும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தீமையின் பழியில் பங்குண்டு.

முடிவிலும் 'தெரிந்தே' என்பதைச் சேர்த்துக்கொள்வோம்: தெரிந்தே ஊன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கொலைப் பழியில் பங்குண்டு. இப்போது மூன்றையும் ஒத்துக்கொண்டு முடிவை மறுக்க வழியே இல்லை. வாதம் செல்லுபடியாகிவிட்டது.

ஆனால் செல்லுபடி என்பது வடிவத்துக்குக் கிடைத்த சான்று மட்டும்தான். எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாகவும் இருந்தால்தான் வாதம் உறுதியானது. அதற்கு ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

ஒவ்வொரு எடுகூற்றையும் விசாரியுங்கள்

முதலாவதுக்கு ஒரு பழைய மறுப்பு உண்டு. கொலை முன்னே நடக்கிறது, தின்பது பின்னே நடக்கிறது. பின்னால் வருவது முன்னால் நடந்ததற்கு எப்படிக் காரணமாகும்? பரிமேலழகர் இந்தக் குறளுக்கு உரை எழுதும்போதே இப்படிக் கேட்பவரை எதிரே நிறுத்தி, அருத்தாபத்தி அளவையால் பதில் சொல்கிறார். பகலில் உண்ணாதவன் பருத்திருந்தால் இரவில் உண்கிறான் என்று கொள்கிறோம் அல்லவா, அந்த வகை அளவை அது. வாங்க ஆள் வரும் என்று நம்பாமல் விற்பவர் கொல்லமாட்டார். இன்று நாம் வாங்குவது நாளைய கொலைக்கு அந்த நம்பிக்கையைத் தருகிறது. எனக்கு இந்தப் பதில் போதுமானதாகவே படுகிறது.

மூன்றாவதுதான் ஆபத்தான இடம். நாமே சேர்த்த பொதுவிதிகளை எப்போதும் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். அது உண்மை என்றால் வேறு எங்கெல்லாம் பொருந்தும் என்று தேடுங்கள். நோயாளிகள் வராவிட்டால் மருத்துவமனை வாசலில் லஞ்சம் கேட்பவர் இருக்கமாட்டார். லஞ்சம் இருப்பது தெரிந்தேதான் நோயாளிகள் வருகிறார்கள். அதற்காக லஞ்சப் பழியில் அவர்களுக்கும் பங்கு என்று சொல்வோமா? சொல்லமாட்டோம். ஆக, இந்த வடிவில் மூன்றாவது எடுகூற்று பொய்.

உடனே வாதத்தைத் தூக்கிப் போட வேண்டாம், திருத்த முடிகிறதா என்று பாருங்கள். திருட்டு நகையைத் தெரிந்தே வாங்குபவருக்குப் பழியில் பங்குண்டு என்கிறோம், நோயாளிக்கு இல்லை என்கிறோம். என்ன வித்தியாசம்? லஞ்சமே இல்லாமலும் வைத்தியம் நடக்கும். திருட்டு இல்லாமல் திருட்டு நகை இல்லை. அந்த வித்தியாசத்தை விதிக்குள் கொண்டுவருவோம்:

3. பலர் சேர்ந்து ஒன்றைச் செய்யாவிட்டால் ஒரு தீமை நடக்காது, அந்தத் தீமை நடக்காமல் அவர்கள் கேட்பதும் கிடைக்காது என்றால், தெரிந்தே அதைச் செய்யும் ஒவ்வொருவருக்கும் பழியில் பங்குண்டு.
4. கொல்லாமல் கடையில் ஊன் கிடைக்காது.

எடுகூற்று மாறினால் செல்லுபடியைத் திரும்பப் பார்க்க வேண்டும். நான்காவது இல்லாவிட்டால் புதிய மூன்றாவது இங்கே பொருந்தவே பொருந்தாது. அதனால்தான் அதைச் சேர்த்தோம். முடிவும் கொஞ்சம் சுருங்குகிறது: தானாகச் செத்த விலங்கின் ஊனைத் தின்பவர் இந்த வாதத்தில் மாட்டமாட்டார்.

"நான் ஒருவன் வாங்காவிட்டால் ஒரு கோழி குறையுமா?" என்று கேட்பவர் மூன்றாவதைத்தான் தாக்குகிறார். அவர் திருட்டு நகை விஷயத்திலும் அதையே சொல்லத் தயாரா என்று கேட்கலாம். நான் ஒருவன் வாங்காவிட்டால் திருட்டு நிற்காதுதான், ஆனாலும் வாங்குபவரை யாரும் விட்டுவிடுவதில்லை. இதனால் அவர் மறுப்பு முடிந்துபோகாது, பதில் சொல்லும் பொறுப்பு அவர் பக்கம் போகிறது.

மிச்சம் இரண்டாவது. விலங்கைக் கொல்வது தீமையா? இந்தக் குறள் அதை நிறுவவில்லை, எடுத்துக்கொள்கிறது. கொல்லாமை என்று தனி அதிகாரமே பின்னால் வருகிறது. விலங்கைக் கொல்வதில் தீமையில்லை என்று நினைப்பவருக்கு இந்த வாதம் செல்லுபடியாகும், ஆனால் உறுதியானதாக இராது. அவர் சண்டை போட வேண்டிய இடம் இரண்டாவது எடுகூற்று. ஆனால் அதை ஒத்துக்கொண்டுவிட்டு "நானா கொன்றேன்?" என்று மட்டும் கேட்பவர், மற்ற மூன்றில் எது பொய் என்று காட்ட வேண்டும்.