அட்டவணையின் கடைசி வரி எங்கே போகிறது: பக்க அமைப்பைக் கண்டறியும் மாதிரிகளை நம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்புக்காகச் சிறுபோகக் கூட்டங்களின் பழைய அறிக்கைகளைக் கணினியில் தேடக்கூடியவாறு மாற்றும் வேலையில் இருந்தபோது, ஓர் அறிக்கையில் குளவாரியான ஏக்கர் எண்கள் அனைத்தும் சரியாக வந்திருந்தும் 'மொத்தம்' என்ற வரி மட்டும் எங்கும் காணப்படவில்லை. பிடிஎப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அந்த வரி தெளிவாக இருந்தது. எழுத்தைப் படிக்கும் மென்பொருளிலும் பிழையில்லை. அதற்கு முன்னரே, பக்கத்தில் தலைப்பு எது, அட்டவணை எது, படம் எது என்று பெட்டி போட்டுக் காட்டும் மாதிரிதான் அந்த வரியை அட்டவணைக்கு வெளியே விட்டிருந்தது.

இத்தகைய மாதிரிகள் பக்கத்தை ஒரு படமாகவே பார்க்கின்றன. ஒவ்வொரு பகுதியையும் சுற்றி ஒரு செவ்வகத்தையும், அது இன்ன வகை என்ற பெயரையும், 0 முதல் 1 வரையான ஒரு நம்பிக்கைப் புள்ளியையும் தருகின்றன. அட்டவணைக்கு 0.97 என்று வந்துவிட்டால் பெட்டியின் விளிம்புகளும் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணுவதே முதல் தவறு. பெரும்பாலான மாதிரிகளில் அந்தப் புள்ளி, 'இங்கே ஓர் அட்டவணை இருக்கிறது' என்பதில் மாதிரிக்கு உள்ள உறுதியைத்தான் சொல்கிறது. அட்டவணை எந்த வரியில் முடிகிறது என்பதைப் பற்றி அது எதையும் உறுதிசெய்வதில்லை.

மாதிரியை வெளியிட்டவர்கள் தரும் மதிப்பெண்ணும் இந்த இடத்தில் உதவாது. ஏன் என்பதை எண்களோடு பார்ப்பதே நல்லது. மாதிரி போட்ட பெட்டியும் மனிதர் போட்ட பெட்டியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் பரப்பை, இரண்டும் சேர்ந்து அடைக்கும் மொத்தப் பரப்பால் வகுத்து வரும் விகிதமே அளவுகோல். mAP என்ற அந்த மதிப்பெண்ணின் வழமையான கணிப்பில் இந்த விகிதம் 0.50 முதல் 0.95 வரை, 0.05 இடைவெளியில், பத்து நிலைகளில் சோதிக்கப்பட்டுச் சராசரி எடுக்கப்படுகிறது. எமது அட்டவணையில் தலைவரியும் மொத்தமும் உட்பட 25 வரிகள். அச்சில் ஒரு புள்ளி என்பது அங்குலத்தின் 72 இல் ஒரு பங்கு; வரி ஒவ்வொன்றும் 16 புள்ளி உயரம் என்று கொண்டால் அட்டவணையின் உயரம் 400 புள்ளி. மாதிரியின் பெட்டி கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டால் உயரம் 384. அகலம் ஒன்றே என்பதால் விகிதம் 0.96. அதாவது பத்து நிலைகளிலும் அந்தப் பெட்டி சித்தியடைகிறது. தலைவரியும் சேர்ந்து போனால்கூட விகிதம் 0.92 தான், பத்தில் ஒன்பது நிலைகளில் அது 'சரி'. தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில் முதலில் தேடப்படும் எண்ணும், எந்த நிரல் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் வரியும் போய்விட்ட அட்டவணையை இந்த அளவுகோலால் பிரித்தறிய முடியாது.

விடுபட்ட வரி எப்போதும் அநாதையாகக் கிடப்பதுமில்லை. எமது பக்கத்தில் அட்டவணை தாளின் அடிவரை நீண்டிருந்ததால், தடித்த எழுத்தில் இருந்த மொத்த வரியை மாதிரி Page-footer என்று பெயரிட்டிருந்தது. பக்க எண்ணும் அடிக்குறிப்பும் தேடலைக் குழப்பும் என்பதால் அந்த வகையை அப்படியே நீக்கிவிடுவது பலரது வழக்கம். நாங்களும் அப்படித்தான் செய்திருந்தோம். பிழைச்செய்தி எதுவுமின்றி வரி மறைந்ததற்கு அதுவே காரணம். எந்த வகையையும் நீக்குவதற்கு முன்னர், நீக்கப்படும் துண்டுகளை ஒரு தனிக் கோப்பில் எழுதி ஒருமுறை கண்ணால் பார்ப்பது அவசியம்.

இதைவிட நுட்பமான தவறு தலைப்புகளில் நிகழ்கிறது. கூட்ட அறிக்கை அட்டவணைகளில் குளங்கள் வகைவகையாகப் பிரிக்கப்படும். 'சிறிய குளங்கள்' என்ற சொற்கள் அட்டவணையின் நடுவே, எல்லா நிரல்களையும் அடைத்தபடி, தடித்த எழுத்தில் ஒரு வரியாக நிற்கும். அதன் மேலும் கீழும் கொஞ்சம் வெற்றிடம் இருந்தால் மாதிரி அதை Section-header என்று எடுத்துக்கொள்கிறது. அப்போது அட்டவணை இரண்டாக உடைகிறது. மேற்பாதியில் இரணைமடு முதலிய குளங்கள் நிரல் தலைப்புகளோடு இருக்கும். கீழ்ப்பாதிக்குத் தலைவரியே இல்லாமல் போகும். பிறகு வரும் நிரல், ஏக்கரா, கமக்காரர் தொகையா, தண்ணீர் திறக்கும் திகதியா என்று ஊகிக்க வேண்டியதாகிறது. ஒரே வகைப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பலவீனமானதை நீக்கும் படிநிலை வழமையாக வகைக்குள் மட்டுமே இயங்குவதால், அட்டவணைப் பெட்டியும் அதற்குள் ஒரு தலைப்புப் பெட்டியும் சேர்ந்தே தப்பி வரக்கூடும். அந்நிலையில் அட்டவணைக்குள் முழுமையாக அடங்கும் தலைப்பை அட்டவணையின் வரியாகவே கொள்ள வேண்டும் என்ற விதியை நாமே எழுத வேண்டும்.

இதற்கு மாதிரியைக் குறைகூறுவது நியாயமாகாது. இத்தகைய மாதிரிகளைப் பயிற்றும் தரவுத்தொகுப்புகளில், 2019 இல் வந்த PubLayNet மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் பக்கங்களால் ஆனது; அதில் ஐந்து வகைகளே உள்ளன. 2022 இல் வந்த DocLayNet பதினொரு வகைகளோடு நிதி அறிக்கைகள், சட்டங்கள், கையேடுகள் போன்றவற்றையும் சேர்த்தது. ஆயினும் அதன் பக்கங்களில் மிகப் பெரும்பான்மை ஆங்கிலமே. சிங்களமும் தமிழும் ஒரே கட்டத்தில் மேலும் கீழுமாக அச்சான எமது அட்டவணைகளை ஒத்தவற்றை அவற்றில் பயின்ற மாதிரிகள் அரிதாகவே கண்டிருக்கும்.

படங்களைப் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும். அலுவலக முத்திரையும் கையொப்பமும் அட்டவணையின் மேல் விழுந்திருந்தால் அவ்விடம் Picture ஆகிவிடும். அதன் கீழிருந்த எழுத்தும் அதனோடு போய்விடும்.

இழப்பைக் கண்டுபிடிக்க எனக்கு நம்பகமாக அமைந்த வழி, பிடிஎப்புக்குள் இருக்கும் சொற்களின் இடங்களை மாதிரியின் பெட்டிகளோடு ஒப்பிடுவதாகும். எந்தப் பெட்டிக்குள்ளும் முழுமையாக அடங்காத சொற்களை மட்டும், PyMuPDF நூலகத்தைக் கொண்டு, இது திரட்டுகிறது:

```python
import fitz
doc = fitz.open("kootam.pdf")
page = doc[2]
lost = [w[4] for w in page.get_text("words")
        if not any(b.contains(fitz.Rect(w[:4])) for b in boxes)]
```

இங்கே `boxes` என்பது வைத்துக்கொள்ளப்போகும் பெட்டிகள் மட்டுமே; நீக்கப்போகும் Page-footer அதில் இருக்கக் கூடாது. பெட்டிகள் ஒவ்வொன்றும் `fitz.Rect` ஆகவும் புள்ளி அளவிலும் இருக்க வேண்டும். பக்கத்தை 200 டிபிஐ படமாக மாற்றி மாதிரிக்குக் கொடுத்திருந்தால் ஒவ்வோர் எண்ணையும் 72 ஆல் பெருக்கி 200 ஆல் வகுக்க வேண்டும்; படத்தில் 2100 என்பது தாளில் 756 ஆகும். சில நூலகங்கள் உயரத்தைத் தாளின் அடியிலிருந்து எண்ணுகின்றன. அவற்றில், 842 புள்ளி உயரமான ஏ4 தாளில், அதே இடம் 86 என்று வரும். இதைக் கவனியாவிட்டால் சரியான பெட்டியும் தவறான இடத்தை வெட்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய அறிக்கைகளில் சொற்கள் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும் என்றாலும் இந்தச் சோதனை அங்கேயும் வேலை செய்கிறது. ஏனெனில் நாம் பார்ப்பது சொல்லின் இடத்தை மட்டுமே. ஸ்கான் செய்த பக்கங்களில் சொல் அடுக்கு இருக்காது. அவற்றுக்கு முழுப் பக்கத்தையும் முதலில் எழுத்துணரியால் படித்து, அது தரும் சொல் இடங்களை எடுக்க வேண்டும்.

விடுபட்ட சொற்கள் கிடைத்ததும் எல்லாப் பெட்டிகளையும் கொஞ்சம் கீழ்நோக்கி நீட்டிவிடுவது எளிதாகத் தோன்றும். நான் அதைச் செய்து பார்த்தேன். அட்டவணைக்கு அடியில் இருந்த தீர்மானப் பந்தியின் முதல் வரி குளமொன்றின் பெயராக உள்ளே வந்துவிட்டது. இப்போது இரண்டு நிபந்தனைகள் பொருந்தினால் மட்டுமே நீட்டுகிறேன்: வரியின் சொற்கள் அட்டவணை நிரல்களின் இடது அல்லது வலது ஓரங்களோடு ஒத்து நிற்க வேண்டும், முந்தைய வரியிலிருந்து உள்ள இடைவெளி வழமையான வரி இடைவெளியின் இரு மடங்குக்குள் இருக்க வேண்டும். மொத்த வரி இவ்வாறு மீண்ட பின்னர் அதுவே அடுத்த சோதனைக்கும் உதவுகிறது. குளவாரி ஏக்கரைக் கூட்டி அந்த எண்ணோடு ஒப்பிட்டபோது, வேறோர் அறிக்கையில் தொகை பொருந்தவில்லை. தேடிப் பார்த்தால், முத்திரையின் கீழ் ஒரு சிறு குளத்தின் வரி முழுவதும் மறைந்திருந்தது.