கால்வின் சுழற்சிக்கு மேல் நிலா வரையாதீர்கள்

போன வாரம் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி ஒளிச்சேர்க்கைப் படம் வரைந்து கொண்டு வந்தாள். அழகான படம். பசுங்கணிகம், அதற்குள் தோசை அடுக்கியதுபோல் தைலகாய்டுகள், அவற்றைச் சுற்றி ஸ்ட்ரோமா என்று எல்லாம் சரியாக இருந்தது. தைலகாய்டுக்கு மேல் மஞ்சளில் ஒரு சூரியன் இருந்தது. ஸ்ட்ரோமாவில் இருள்வினையான கால்வின் சுழற்சியை வரைந்து, அதன் மேல் நீலத்தில் ஒரு பிறை நிலா போட்டிருந்தாள்.

அந்த நிலாவைப் பார்த்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது, ஏனென்றால் நானும் அதை வரைந்திருக்கிறேன். பெயர்களில் வரும் எழுத்துப்பிழை, கிரானாவையும் ஸ்ட்ரோமாவையும் மாற்றி எழுதுவது போன்றவை இரண்டு முறை திருத்தினால் சரியாகிவிடும். நிலா மட்டும் மனதை விட்டுப் போகவே போகாது.

இருள்வினை இரவில் நடக்கும் என்று நினைப்பது

பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கும்போது பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலருக்கு டியூஷன் எடுத்தேன். "பகலில் ஒளிவினை, இரவில் இருள்வினை" என்று அவர்களை ஒப்பிக்க வைத்தவனே நான்தான். அந்த வருட வைவாவில் தேர்வாளர் கேட்டார்: "விளக்கை அணைத்துவிட்டால் கால்வின் சுழற்சி என்ன ஆகும்?" "அப்போதுதான் தொடங்கும் சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஏடிபி எங்கிருந்து வரும்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலமே பிள்ளைகளை உட்கார வைத்து, சொல்லிக் கொடுத்தது தவறு என்று சொன்னேன். அதற்குள் ஒரு பையன் பள்ளித் தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண்ணை இழந்திருந்தான்.

தேர்வாளர் கேட்ட அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒளிவினையில் தைலகாய்டுச் சவ்வு ஒளியைப் பிடித்து, நீரைப் பிளந்து, இரண்டு பொருள்களைத் தயாரிக்கிறது. ஒன்று ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி, மற்றொன்று எலக்ட்ரானைச் சுமக்கும் என்ஏடிபிஹெச். இவை இரண்டையும் செலவு செய்துதான் ஸ்ட்ரோமாவில் கார்பன் டை ஆக்ஸைடு சர்க்கரையாகிறது. சர்க்கரையை ஸ்டார்ச்சாகச் சேர்த்து வைக்க இலைக்குத் தெரியும். ஏடிபியையும் என்ஏடிபிஹெச்சையும் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. கையிருப்பு மிகக் கொஞ்சம், ஒளி நின்ற சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடும். சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் கழித்து இருள்வினை எதை வைத்து ஓடும்?

பிறகு ஏன் இந்தப் பெயர்? 1905இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிளாக்மன் ஒன்றைக் கவனித்தார். மங்கலான ஒளியில் வெப்பநிலையைக் கூட்டினாலும் ஒளிச்சேர்க்கையின் வேகம் பெரிதாக மாறவில்லை. பிரகாசமான ஒளியில் கூட்டியபோது வேகம் ஏறியது. ஆகவே ஒளியை நேரடியாக வாங்காத, நொதிகளால் நடக்கும் வேறொரு கட்டமும் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்தக் கட்டத்துக்குத்தான் 'இருள்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. ஒளி நேரடியாகத் தேவையில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஒளி இல்லாதபோது நடக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. அதற்கும் மேலாக, கால்வின் சுழற்சியின் சில முக்கிய நொதிகளை முடுக்கிவிடுவதே ஒளிதான். வெளிச்சம் பட்டால் ஸ்ட்ரோமாவின் பிஹெச் ஏறத்தாழ 7லிருந்து 8க்கு ஏறுகிறது. அந்த நொதிகள் அப்போது சுறுசுறுப்பாகி, இருட்டில் அடங்கிவிடுகின்றன.

இதைக் கண்ணால் காட்டியது பெர்க்லியில் கால்வின், பென்சன், பாஷம் குழுவினர் நடத்திய சோதனைகள். குளோரெல்லா என்ற பச்சைப்பாசிக்குக் கதிரியக்கக் கார்பன்-14 உள்ள கார்பன் டை ஆக்ஸைடைக் கொடுத்தார்கள். பிறகு பாசியைச் சூடான ஆல்கஹாலில் விட்டு அந்தக் கணத்திலேயே கொன்று, எந்தச் சேர்மத்தில் எவ்வளவு கார்பன்-14 சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள்.

இப்போது விளக்கை அணைக்கிறோம், கார்பன் டை ஆக்ஸைடை நிறுத்தவில்லை. என்ன நடக்கும் என்று படிப்படியாக யோசியுங்கள். சுழற்சியின் முதல் படியில் ஐந்து கார்பன் உள்ள ஆர்யூபிபி கார்பன் டை ஆக்ஸைடுடன் சேர்ந்து, மூன்று கார்பன் உள்ள பிஜிஏ இரண்டாகிறது. இந்தப் படிக்கு ஏடிபி வேண்டாம். அதனால் மிச்சமிருக்கும் ஆர்யூபிபி கொஞ்ச நேரம் பிஜிஏவாக மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் பிஜிஏவைச் சர்க்கரையாக்க ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் வேண்டும், அவை வரவில்லை. எனவே பிஜிஏ குவிகிறது. ஆர்யூபிபியைத் திரும்ப உருவாக்கவும் ஏடிபி வேண்டும். எனவே ஆர்யூபிபி குறைகிறது. அவர்கள் கண்டதும் இதேதான்: அணைத்த சில விநாடிகளிலேயே பிஜிஏ ஏறியது, ஆர்யூபிபி இறங்கியது. அதோடு சுழற்சி நின்றது.

விளக்கை எரியவிட்டு, கார்பன் டை ஆக்ஸைடைக் குறைத்தால் தலைகீழ். சேர ஆள் இல்லாமல் ஆர்யூபிபி ஏறும், பிஜிஏ இறங்கும். இந்த இரண்டு வரைபடங்களையும் புத்தகத்தைப் பார்க்காமல் வரைந்து காரணம் சொல்ல முடிந்த மாணவர் யாரும் அதன் பிறகு நிலா வரைந்து நான் பார்த்ததில்லை.

"கள்ளிச்செடி இரவில்தானே செய்கிறது, சார்?"

நல்ல கேள்வி, வருடம் தவறாமல் வரும். கள்ளி, கற்றாழை, இலையிலிருந்தே குட்டிச்செடி முளைக்கும் ரணகள்ளி போன்றவை இரவில் இலைத்துளையைத் திறப்பது உண்மைதான். ஆனால் உள்ளே வாங்கிய கார்பன் டை ஆக்ஸைடை அவை இரவில் சர்க்கரையாக்குவதில்லை. மாலிக் அமிலமாக மாற்றி, செல்லின் வாக்குவோலில் வைத்துக்கொள்கின்றன. விடிந்ததும் துளையை மூடிவிட்டு, அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை விடுவித்து, கால்வின் சுழற்சியைப் பகலில்தான் ஓட்டுகின்றன. இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் 1813இல் ரணகள்ளி இலையை மென்று பார்த்து, காலையில் புளிக்கிறது, நண்பகலில் புளிப்பில்லை என்று எழுதினார். பகலில் அந்த அமிலம் செலவாகிவிடுவதுதான் காரணம். இரவில் நடப்பது சேமிப்பு மட்டும்.

இரண்டையும் ஒருவழிப் பாதையாக நினைப்பது

ஒளிவினை கொடுக்கிறது, இருள்வினை வாங்குகிறது என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வரும்போது காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிரம்பியதை இறக்குவார்கள். இங்கும் அதே கணக்கு. ஏடிபி, அதாவது ATP, செலவானால் மிஞ்சுவது அதில் ஒரு பாஸ்பேட் குறைந்த ADP. என்ஏடிபிஹெச் செலவானால் மிஞ்சுவது NADP⁺. இந்த இரண்டு காலி சிலிண்டர்களும் தைலகாய்டுக்குத் திரும்பினால்தான் ஒளிவினை தொடரும். கார்பன் டை ஆக்ஸைடு இல்லாமல் கால்வின் சுழற்சி முடங்கினால், வெயில் கொளுத்தினாலும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள NADP⁺ இல்லாமல் ஒளிவினையும் திணறும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். இது தெரிந்தால் பகல், இரவு என்று பிரிக்கவே தோன்றாது.

ஆக்ஸிஜன் கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வருகிறது என்பது

இல்லை. நீரிலிருந்து.

கணக்கை மனப்பாடம் செய்வது

ஒரு கார்பன் டை ஆக்ஸைடுக்கு 3 ஏடிபி, 2 என்ஏடிபிஹெச். அந்த 3 ஏடிபியில் 2 பிஜிஏவைச் சர்க்கரையாக்க, 1 ஆர்யூபிபியைத் திரும்ப உருவாக்க. குளுக்கோஸுக்கு ஆறு கார்பன், ஆறால் பெருக்குங்கள்: 18, 12.