முழுக் காசும் கொடுத்தோம், கோப்பு எங்கே? வடிவமைப்பாளரை அமர்த்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய விளையாட்டுக் கழகம் ஒரு பிரசாரத்தைத் தொடங்கியிருக்கிறது. தனியாக வேலை செய்யும் ஒரு வடிவமைப்பாளரைப் பிடித்து, சுவரொட்டி, பதாகை, முகநூல் படங்கள் எல்லாம் செய்து வாங்கிவிட்டார்கள். "வேலை முடிந்துவிட்டது அண்ணா, முழுக் காசும் கொடுத்துவிட்டோம்" என்று கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஆறு படங்கள் இருந்தன.

"எழுத்தை மாற்றக்கூடிய திறந்த கோப்பு எங்கே தம்பி?" என்று கேட்டேன்.

"இதுதான் அண்ணா கோப்பு."

பதினைந்து வருடங்களாக மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சங்கங்களுக்கும் கடைகளுக்கும் விளம்பர வேலைகளை ஒழுங்குசெய்து கொடுக்கிறேன். தொடக்கத்தில் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எழுத்துப்பிழை பார்ப்பது, தொலைபேசி இலக்கத்தைச் சரிபார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தை வாங்கிக்கொண்டு கோப்பை விட்டுவிடுவது

ஒரு நவம்பரில் மூன்று இரத்ததான முகாம்களுக்கான பிரசாரத்தை நான் பொறுப்பேற்றேன். வாழைச்சேனை, மட்டக்களப்பு நகர், களுவாஞ்சிக்குடி என்று வாரத்துக்கு ஓரிடம். வடிவமைப்பாளருக்கு 45,000 ரூபாய் பேசினோம். அழகாகச் செய்தார். முழுத் தொகையையும் கொடுத்தேன். ஒவ்வொரு முகாமுக்கும் தனித்தனிப் படமாக JPG கோப்புகளை அனுப்பிவிட்டு, அடுத்த வாரமே வேலைக்காகக் கத்தாருக்குப் போய்விட்டார்.

முதல் முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நவம்பர், டிசம்பரில் இந்தப் பக்கம் மழை வரும் என்பது எவருக்கும் தெரிந்ததுதான். மூன்று திகதிகளும் தள்ளிப்போயின. களுவாஞ்சிக்குடி முகாம் வேறு மண்டபத்துக்கு மாறியது. மாற்ற வேண்டியவை மூன்று திகதியும் ஒரு மண்டபத்தின் பெயரும் மட்டுமே. திறந்த கோப்பு கையில் இருந்திருந்தால் அரை மணி நேர வேலை.

JPG என்பது எழுத்தும் படமும் நிறமும் ஒன்றாகக் கலந்து உறைந்துபோன ஒரு பரப்பு. அதிலிருந்து எழுத்தை மட்டும் எடுத்து மாற்ற முடியாது. அச்சகத்தில் பழைய திகதியின் மேல் ஒரு நீலப்பட்டையைப் போட்டு, அதற்கு மேல் புதிய திகதியை எழுதினார்கள். பின்னணி நீலத்தோடு அந்தப் பட்டை ஒட்டவில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே ஒட்டுத் துணி போலத் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தது நீளப் பக்கத்தில் சுமார் 1600 புள்ளிகள்தான் இருக்கும். அதைப் 12 அடிப் பதாகையாக விரித்தால் ஓர் அங்குலத்துக்குப் பதினொரு புள்ளிகள். இரத்தத் துளியின் ஓரம் படிக்கட்டாகத் தெரிந்தது. கடைசியில் முழு வடிவமைப்பையும் இன்னொருவரிடம் புதிதாக வரைந்து வாங்கினேன். அதற்கு 18,000 ரூபாயும் இரண்டு இரவுகளும் போயின.

கத்தாரிலிருந்து அவர் கோப்பை அனுப்பினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திறந்து பார்த்தபோது தலைப்பில் "இரத்ததானம்" இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது:

```
,uj;jjhdk;
```

அவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமே தெரியும். பாமினியை நிறுவினால் சரியாகிவிடும். ஆனால் தலைப்புக்கு அவர் அதே முறையில் அமைந்த வேறோர் அலங்கார எழுத்துருவைப் பயன்படுத்தியிருந்தார், அதன் பெயர் அவருக்கே நினைவில்லை. இங்கே இன்னும் பல வடிவமைப்பாளர்கள் பாமினியை விடாததற்குக் காரணம் உண்டு. சில வடிவமைப்பு மென்பொருள்களில் தகுந்த அமைப்பை மாற்றாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதனால் பாமினியைத் தடைசெய்யச் சொல்ல மாட்டேன். எந்த எழுத்துரு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆகவே "கோப்பு" என்று ஒற்றைச் சொல்லில் பேசாதீர்கள். நான் இப்போது நான்கு பொருளாகப் பிரித்துக் கேட்கிறேன். முதலாவது, எழுத்தை மாற்றக்கூடிய திறந்த கோப்பு, அதாவது அவர் எந்த மென்பொருளில் செய்தாரோ அந்த மென்பொருளின் கோப்பு, இல்லஸ்ட்ரேட்டர் என்றால் AI, போட்டோஷாப் என்றால் PSD. இரண்டாவது, அதில் இணைத்த ஒளிப்படங்கள் தனிக் கோப்புறையில். இல்லஸ்ட்ரேட்டரில் `File > Package` என்று கொடுத்தால் படங்களையும் பெரும்பாலான எழுத்துருக்களையும் ஒரே கோப்புறைக்குள் சேர்த்துவிடும். மூன்றாவது, எழுத்தையெல்லாம் எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய அச்சுக்கான PDF. அதை எந்த அச்சகத்தில் திறந்தாலும் எழுத்து மாறாது, ஆனால் திருத்தவும் முடியாது. நான்காவது, எல்லா வாசகங்களும் யூனிகோட்டில் ஒரு தனி ஆவணமாக.

கோப்பு கையில் இருப்பதும் உரிமை கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதைப் பலர் அறிவதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை முதலில் படைத்தவருக்கே உரியது. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் தன் வேலையின்போது செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். தனியாக வேலை செய்யும் வடிவமைப்பாளர் உங்கள் ஊழியர் அல்லர். அவர் உரிமையை மாற்றிக்கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். காசு கொடுத்த பற்றுச்சீட்டு அதற்கு ஈடாகாது. என் ஒப்பந்தத்தில் வரும் வாசகம் இது:

"இறுதித் தவணை செலுத்தப்பட்டதும், தெரிவுசெய்யப்பட்ட வடிவமைப்பின் பொருளாதார உரிமைகள் அனைத்தும் கழகத்துக்கு மாற்றப்படும். தெரிவுசெய்யப்படாத மாதிரிகள் வடிவமைப்பாளருக்கே உரியவை. முடிந்த வேலையைத் தமது முந்தைய வேலைகளின் தொகுப்பில் காட்ட வடிவமைப்பாளருக்கு அனுமதி உண்டு."

விட்டுப்போன மாதிரிகளையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிப்பது நியாயமில்லை. திறந்த கோப்புக்குத் தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு, அதிலும் தவறில்லை. அந்தத் தொகையை வேலை தொடங்கும் முன் பேச வேண்டும். வேலை முடிந்த பின் பேசினால் பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

"திருப்தி வரும்வரை திருத்தம்"

இந்தச் சொற்றொடரை ஒப்பந்தத்தில் எழுதாதீர்கள். யாருடைய திருப்தி? கழகத்தில் ஒன்பது நிர்வாகிகள் இருந்தால் ஒன்பது திருப்தி. தலைவர் இரவு குரல் பதிவு அனுப்புவார், செயலாளர் காலையில் அதற்கு எதிராக ஒன்று அனுப்புவார். வடிவமைப்பாளர் ஏழாவது தடவையோடு மனம் விட்டுவிடுவார். அதன் பிறகு வருவது அவருடைய நல்ல வேலையாக இருக்காது.

இரண்டு சுற்று போதும். ஆனால் "சுற்று" என்றால் என்ன என்பதை எழுதிவைக்காவிட்டால் எண்ணிக்கையால் பயனில்லை. நான் வைத்திருக்கும் வரையறை இது: நிர்வாகிகள் எல்லோரும் சொல்வதைச் சேர்த்து, ஒருவர் ஒரே பட்டியலாக எழுத்தில் அனுப்புவது ஒரு சுற்று. அந்த ஒருவரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கும். வேறு யார் சொன்னாலும் வடிவமைப்பாளர் கைவைக்க வேண்டியதில்லை. மாதிரி வந்து மூன்று நாளுக்குள் பட்டியல் போக வேண்டும். போகாவிட்டால் ஒப்படைக்கும் திகதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.

இன்னொரு வேறுபாட்டையும் எழுதிவிடுங்கள். நாம் "கல்லடி" என்று கொடுத்ததை அவர் "கல்லாடி" என்று போட்டால் அது அவருடைய பிழை, எந்தச் சுற்றிலும் சேராது. நாம் திகதியை மாற்றினால் அது திருத்தம், சுற்றில் சேரும். நீலம் வேண்டாம், படம் வேண்டாம், வேறு மாதிரி யோசியுங்கள் என்றால் அது புதிய வேலை, அதற்குத் தனி விலை. மூன்றாம் சுற்றுக்கு ஒரு தொகையை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒப்பந்தங்களில் அது 2,500 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் அந்த வரி வந்த பிறகு நிர்வாகிகள் முதல் பட்டியலையே உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

வாசகம் முடியாமல் வடிவமைப்பைத் தொடங்குவது

தமிழ் வாசகம் முடிந்து, சிங்கள மொழிபெயர்ப்பும் கையில் வந்த பிறகே வேலையைக் கொடுங்கள், இரு மொழியும் பேசும் அம்பாறைப் பக்கத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

காசை ஒரே முனையில் வைப்பது

முழுவதையும் முன்னால் கொடுப்பது ஒரு தவறு. முழுவதையும் கடைசிக்கு வைப்பது அதற்குச் சமமான தவறு. முதலாவதில் கோப்பை வாங்க நமக்குப் பிடி இல்லை, இரண்டாவதில் வேலை செய்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. "நன்கொடையாளர் பணம் வந்ததும் தருகிறோம்" என்று இழுத்தடித்த சங்கங்களிடம் ஏமாந்த பிள்ளைகள் இந்த ஊரில் பலர். அதனால்தான் சிலர் திறந்த கோப்பைக் கொடுக்கவே பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நாம்தான் உண்டாக்கினோம்.

60,000 ரூபாய் வேலையென்றால் நான் இப்படிப் பிரிக்கிறேன். தொடங்கும் அன்று 24,000. ஒரு மாதிரியைத் தெரிவுசெய்த அன்று 18,000. மீதி 18,000 கோப்புகளை ஒப்படைக்கும் அன்று. அந்தக் கடைசி நாளில் இருவரும் ஒரே மேசையில் உட்காருகிறோம். அவர் பென்டிரைவை என் கணினியில் போடுகிறார், தன்னுடையதில் அல்ல. நான் திறந்த கோப்பில் ஒரு திகதியை மாற்றிப் பார்க்கிறேன். எழுத்து உடையவில்லை, படம் காணாமல் போகவில்லை என்றால் அவர் முன்னாலேயே வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்பி, ஒப்பந்தத்தின் உரிமைப் பகுதியில் இருவரும் கையொப்பமிடுகிறோம். இருபது நிமிடம் போதும்.

ஒப்படைக்கும் நாளை நிகழ்ச்சியோடு கட்டாதீர்கள். நிகழ்ச்சி மழையில் தள்ளிப்போனால் அவருடைய காசும் தள்ளிப்போகும், அது அவர் செய்த குற்றம் அல்ல.

இடையில் நிறுத்தினால்

முடிந்த கட்டம்வரைக்கான காசைக் கொடுத்துவிடுங்கள், அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள்.

களுவாஞ்சிக்குடித் தம்பியை என் முன்னாலேயே வடிவமைப்பாளருக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். வடிவமைப்பாளர் இன்னும் ஊரில்தான் இருந்தார், கணினியில் கோப்புகளும் இருந்தன. திறந்த கோப்புகளுக்கு 5,000 ரூபாய் கேட்டார். தம்பி கொஞ்சம் யோசித்தார். நான் உரிமை மாற்றும் வாசகத்தை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, சனிக்கிழமை பென்டிரைவோடு கழக அறைக்கு வரச் சொல்லும்படி சொன்னேன்.